இடஞ்சுழிக்கு இடது வகிடு: ஒரு மாப்பிள்ளையின் ஐந்து மாதம்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, நானும் ஒரு பையனும். உச்சிச் சுழியால் முடி படியாமல் வருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது உண்டு. அதில் ஒருவருடைய கதையை முதலிலிருந்து கடைசிவரை குறித்து வைத்திருந்தேன். அவர் சம்மதத்தோடு, யாரென்று தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். நான் செய்த தவறும் இதில் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கும், சுழியோடு தினமும் கண்ணாடி முன்னால் போராடுகிறவர்களுக்கும் பயன்படலாம்.

பின்னணி

ஆவணி மாதக் கடைசி. எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு, கையில் பைகளோடு ஓர் அம்மாவும் மகனும் கடைக்குள் வந்தார்கள். மகனுக்கு 27 வயது. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, தினமும் பைக்கில் போய்வருகிறார். தை மாதம் கல்யாணம். கடைக்கு வந்ததற்கு முந்தின வாரம்தான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. போட்டோவை போனில் எடுத்துக் காட்டினார். பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், உச்சந்தலையில் ஒரு கொத்து முடி மட்டும் கொக்கி மாதிரி மேலே வளைந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் தலைத்தோல் வெள்ளையாகத் தெரிகிறது.

"அண்ணா, இது மட்டும் படியவே மாட்டேங்குதுண்ணா. எந்தக் கடைக்குப் போனாலும் அங்க மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டி விடுறாங்க. அடுத்த வாரமே அதைவிட மோசமா நிக்குது. பக்கத்துல சொட்டையும் விழுதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க" என்றார்.

அம்மா குறுக்கிட்டார்: "சின்ன வயசுல இப்படி இல்லப்பா. எண்ணெய் வச்சு, இடது பக்கம் வகிடு எடுத்து நான்தான் சீவி விடுவேன். அப்படியே படிஞ்சிருக்கும். காலேஜ் போனதும் எண்ணெயை விட்டான், அப்புறம்தான் இதெல்லாம்."

அம்மா சொன்னதில் முக்கியமான செய்தி இருந்தது. சுழி புதிதாக வந்ததல்ல. முடி எந்தப் பக்கம் சாய்ந்து முளைக்க வேண்டும் என்பது கருவில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வேர் தோலுக்குள் எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் சாய்வில்தான் முடி வெளியே வரும். தேங்காய் எண்ணெயின் பாரம் அதை அழுத்தி வைத்திருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் போனதும், முடியைக் குட்டையாக வெட்டியதும், உள்ளே இருந்த சாய்வு வெளியே தெரிய ஆரம்பித்தது.

முதல் நாள் பார்த்தது

அன்றைக்கு நான் கத்தரியைத் தொடவில்லை. தலையில் ஜெல் காய்ந்து கிடந்தது. சுழியைப் பார்க்க வேண்டுமானால் தலை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈரத் தலையில் எல்லா முடியும் படிந்துதான் இருக்கும், சுழி ஒளிந்துகொள்ளும். வந்தவுடன் தண்ணீர் அடித்துச் சீவி வெட்ட ஆரம்பிப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். சுழித் தலையில் பாதித் தவறுகள் அந்த ஸ்ப்ரே பாட்டிலில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். செவ்வாய் எங்களுக்கு விடுமுறை, புதன்கிழமை கூட்டம் இருக்காது. முதல் நாள் ராத்திரி ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெயோ ஜெல்லோ எதுவும் வைக்காமல், சீப்பும் போடாமல் புதன் சாயங்காலம் வரச் சொன்னேன்.

வந்தார். தலையைக் குனியச் சொல்லி, பின்னால் நின்று மேலிருந்து பார்த்தேன். ஒரே சுழிதான், நடுக்கோட்டிலிருந்து ஒரு விரல் அளவு வலப்பக்கம் தள்ளி இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "ரெட்டைச் சுழியா?" என்பதுதான், இரண்டு கல்யாணம் என்ற பேச்சு இன்னும் போகவில்லை. அம்மாவும் அதையே கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை அல்ல, சுற்றும் திசை.

மேலிருந்து பார்க்கும்போது, நடுப்புள்ளியிலிருந்து முடி கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றினால் அது வலஞ்சுழி. எதிர்ப்பக்கம் சுற்றினால் இடஞ்சுழி. பெரும்பாலானவர்களுக்கு வலஞ்சுழிதான். வலஞ்சுழியில், சுழிக்கு முன்னால் இருக்கிற முடி இடமிருந்து வலமாகப் போகும். அதனால் இடது வகிடு எடுத்து வலப்பக்கம் சீவினால், முடி தானாகப் போகிற வழியிலேயே சீப்பும் போகிறது. நம் ஊரில் பையன்களுக்கு இடது வகிடு எடுப்பது பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இவருக்கு இருந்தது இடஞ்சுழி.

ஆள்காட்டி விரலைச் சுழியின் நடுவில் வைத்து, முடி போகிற பக்கமாக மெதுவாக வருடிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். சுழிக்கு முன்னால் உள்ள முடி வலமிருந்து இடமாகப் போகிறது. சுழியின் வலப்பக்கத்து முடி முகத்தை நோக்கி முன்னால் போகிறது. இவரோ இருபது வருடமாக இடது வகிடு எடுத்து, எல்லாவற்றையும் வலப்பக்கமாகவும் பின்னாலும் தள்ளிச் சீவுகிறார். கொக்கி மாதிரி நின்ற கொத்து எங்கே இருந்தது என்று பார்த்தால், சரியாகச் சுழியின் வலப்பக்கம். முன்னால் போக வேண்டிய முடியைப் பின்னால் சீவினால் அது நடுவழியில் எழுந்து நிற்கத்தான் செய்யும். தலைத்தோல் தெரிந்த இடம் சுழிக்குச் சற்று முன்னால். இடப்பக்கம் சாய வேண்டிய முடியை வலப்பக்கம் இழுத்ததால், நடுவில் திரை விலகின மாதிரி ஓர் இடைவெளி. இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றே.

ஸ்கேல் வைத்து அளந்தேன். நின்ற கொத்து ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த மேல் முடி நாலிலிருந்து ஆறு சென்டிமீட்டர். அந்தச் சுற்று முடியில் ஐந்தைத் தாண்டியதெல்லாம் தன் பாரத்தில் சாய்ந்திருந்தது, நாலு சென்டிமீட்டர் முடி பாதி எழுந்திருந்தது. ஆக, இந்தத் தலையில் முடி தானாகச் சாய ஐந்து சென்டிமீட்டர் வேண்டும். இது எல்லாருக்கும் பொருந்தும் கணக்கு அல்ல. இவர் முடி தடிமனானது, நேரானது. மெல்லிய முடி இதைவிடக் குறைந்த நீளத்திலேயே சாய்ந்துவிடும். அவரவர் தலையில் சுற்று முடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நிற்கிற கொத்தை மேலும் வெட்டினால் ஏன் மோசமாகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வெட்ட வெட்டப் பாரம் குறைகிறது, வேரின் சாய்வு மட்டும் மிஞ்சுகிறது. போதாததற்கு, முன்பு வெட்டியவர்கள் பின்பக்கத்து மெஷின் வெட்டைச் சுழியின் விளிம்புவரை ஏற்றியிருந்தார்கள். கீழே உள்ள முடி குச்சி குச்சியாக நின்று, மேலே உள்ளதைத் தாங்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

வகிட்டைத் தேடியது

அடுத்து தலையை நன்றாக நனைத்து, முடி முழுவதையும் நேராகப் பின்னால் சீவினேன். பிறகு உச்சியில் உள்ளங்கையை வைத்து மெதுவாக முன்பக்கம் தள்ளினேன். அப்படித் தள்ளும்போது முடி எங்கே பிரிய விரும்புகிறதோ அங்கே தானாகப் பிளக்கும். இரண்டு மூன்று தடவை செய்து பார்க்க வேண்டும், ஒரு தடவை சீப்பின் பல் பட்ட இடத்தில்கூடப் பிளக்கலாம். இவருக்கு மூன்று தடவையும் வலது புருவத்தின் நடுவுக்கு நேர்மேலே பிளந்தது. அந்தக் கோடு வளைந்து வந்து சுழியில் முடிந்தது.

அப்படியே சீப்பு போடாமல், ஃபேன் காற்றில் உலர விட்டோம். கால் மணி நேரத்தில் கொத்து எழுந்தது, ஆனால் பழைய உயரத்துக்கு வரவில்லை, கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி நின்றது. தலைத்தோல் தெரிந்த இடம் ஏறக்குறைய மூடியிருந்தது. வலது வகிடுதான் இவருக்கு என்று எனக்கு உறுதியானது.

அவருக்கு உறுதியாகவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "யாரோ மாதிரி இருக்குண்ணா" என்றார். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் இடவலம் மாறியது. அதில் வகிடும் மாறினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் அவர் போனிலேயே இரண்டு படம் எடுத்தேன், முன்னால் ஒன்று, பின்மண்டையில் ஒன்று. வீட்டில் வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். பின்மண்டைப் படம்தான் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது. தன் உச்சியை அவர் அதுவரை நேராகப் பார்த்ததே இல்லை.

சொட்டை விழுகிறதா என்ற கேள்வி

இதை இப்படியே விட்டுவிட்டு வெட்டப் போயிருந்தால் அவர் பயம் போயிருக்காது. ஏற்கெனவே ஏதோ எண்ணெய் வாங்கித் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

சுழியின் நடுவில் எல்லாருக்குமே கொஞ்சம் தோல் தெரியும். முடி எல்லாப் பக்கமும் விலகிப் போகிற இடம் அது. ஆண்களுக்கு உச்சியில் முடி குறைய ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் என்பதால் குழப்பம் வருகிறது. நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, அந்த இடத்து முடியின் தடிமன். குறைந்துகொண்டு வருகிற இடத்தில் தடித்த முடிக்கு நடுவே பூனை முடி மாதிரி மெல்லிய, குட்டை முடிகள் கலந்து கிடக்கும். இவருக்கு நடுப்புள்ளிவரை ஒரே தடிமன். இன்னொன்று, காலப்போக்கில் அளவு. ஐந்து வருடத்துக்கு முன்னால் மொட்டை போட்டு முடி வளர்ந்துகொண்டிருந்தபோது எடுத்த ஒரு படம் அவரிடம் இருந்தது. அதிலும் அதே இடம், அதே அளவு.

முடி கொட்டவில்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை என்பதையும் சொன்னேன். மாதம் ஒரு தடவை அதே நாற்காலியில், அதே விளக்கில் படம் எடுப்போம், இடம் பெரிதாவது போலத் தெரிந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள் என்றேன். தை வரை ஐந்து படம் எடுத்தோம். மாற்றம் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

இரண்டு வழி இருந்தது. உச்சி முழுவதையும் மெஷினில் மூன்றாம் நம்பர் போட்டு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டிவிடலாம். எல்லாமே குட்டையானால் எந்த ஒரு கொத்தும் தனியாக நிற்பது தெரியாது, வகிடும் வேண்டாம். பலருக்கு நான் இதையே சொல்வேன். ஒன்றரை முதல் நாலு வரையான நடு நீளம்தான் சுழிக்கு ஆகாதது. ஒன்று அதற்குக் கீழே போக வேண்டும், இல்லையென்றால் மேலே. ஆனால் இவருக்குக் கல்யாணப் படத்தில் அப்படி இருக்க மனமில்லை. தோல் தெரிகிற இடமும் ஒட்ட வெட்டினால் கூடுதலாகத் தெரியும்.

ஆக வளர்ப்பதுதான் வழி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வளரும். ஒன்றரை சென்டிமீட்டர் கொத்து ஐந்தைத் தாண்ட மார்கழி ஆகிவிடும், தைக்கு ஆறு ஆறரை இருக்கும். கணக்கு சரியாக வந்தது, ஆனால் மிச்சம் வைக்க இடமில்லை. ஒரு தடவை தப்பாக வெட்டினாலும் நாள் போதாது.

அதனால் நாலு விஷயம் பேசி வைத்தோம். சுழியைச் சுற்றி மூன்று விரல் வட்டத்துக்குள் கத்தரி போகாது. பின்பக்க மெஷின் வெட்டு பின்மண்டை எலும்பு மேட்டுக்குக் கீழேயே நிற்கும், அதற்கு மேல் கத்தரியும் சீப்பும்தான். வகிடு வலப்பக்கம், ஆனால் சீப்பு நுனியால் கோடு கிழித்தாற்போல் எடுக்காமல் விரலால் பிரித்து, சுழிக்கு இரண்டு விரல் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். கோட்டைச் சுழிவரை கொண்டுபோய் விட்டால், வகிட்டின் வெள்ளையும் சுழியின் வெள்ளையும் சேர்ந்து ஒரு பெரிய திட்டாகத் தெரியும்.

நாலாவது, காலையில் உலர்த்துகிற முறை. முடி நனைந்ததும் உள்ளே இருக்கும் ஒருவகைப் பிணைப்புகள் விட்டுவிடும், காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். நிற்கிற கொத்தின் நுனியில் தண்ணீர் தொட்டுத் தடவுவதால் ஒன்றும் ஆகாது, வளைவு இருப்பது அடியில். வேர் நனைய வேண்டும். துண்டால் ஒற்றியெடுத்து, டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விரலால் கொத்தின் அடியை அழுத்தியபடி முதலில் இடப்பக்கம் தள்ளிக் காய வைக்கச் சொன்னேன். பிறகு வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளும்போது வேர் எந்த ஒரு பக்கமும் விறைக்காமல் படிகிறது. முழுவதும் காய்ந்த பிறகு, போக வேண்டிய பக்கத்தில், அதாவது முன்னாலும் இடப்பக்கமுமாகப் படிய வைத்து, குளிர்ந்த காற்றில் அரை நிமிடம். மொத்தம் நாலைந்து நிமிட வேலை. அரைகுறையாகக் காய்ந்து வெளியே போனால் எல்லாம் வீண், மிச்ச ஈரம் வழியில் காயும்போது வேர் தன் இஷ்டத்துக்கு எழுந்துவிடும்.

ஸ்மூத்தனிங் செய்துவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். வெளியே வந்த முடியை நேராக்கலாம், தோலுக்குள் இருக்கும் சாய்வை அது தொடாது. இவர் முடி ஏற்கெனவே நேரானது, அதில் நேராக்க ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் முளைக்கிற புது முடி அதே இடஞ்சுழியோடுதான் வரும்.

அம்மாவுக்கு வலது வகிடு பிடிக்கவில்லை. "நான் பழக்கின வகிடுப்பா அது" என்றார். அதில் வருத்தம் இருந்தது. அவர் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அது தப்பும் இல்லை. எண்ணெய் வைத்த தலைக்கு அது போதுமானதாக இருந்தது. கையைப் பிடித்து விரலைச் சுழியில் வைத்து, முடி போகிற பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, எதிர்ப்பக்கம்தான் போகுது" என்றார்.

முதல் இரண்டு மாதம்

வகிடு மாற்றின முதல் வாரம் வேர்களில் லேசான வலி இருந்ததாகச் சொன்னார். வருடக்கணக்காக ஒரு பக்கம் கிடந்த முடியைத் திருப்பினால் சிலருக்கு அப்படி இருக்கும், சில நாளில் போய்விடும். இவருக்கும் போய்விட்டது. கொத்து இன்னும் நின்றது. ஆனால் பின்னால் சீவாததால் கொக்கியாக வளையாமல் முன்னால் சரிந்து நின்றது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. புரட்டாசியில் வந்தபோது பக்கங்களை மட்டும் சரி செய்து அனுப்பினேன்.

தீபாவளி வாரத்தில் செய்த தவறு

ஐப்பசியில் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் வந்தார். அந்த வாரம் எங்கள் தெருவில் எந்த சலூனிலும் உட்கார இடம் இருக்காது. ராத்திரி பத்து மணி, பின்னால் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். கொத்து மூன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. சுற்றிலும் முடி அடர்ந்து, சுழியின் வலப்பக்கம் மேடாகத் தெரிந்தது. தின்னிங் கத்தரியை எடுத்து அந்த மேட்டில் மூன்று தடவை போட்டேன். மூன்று விரல் வட்டத்துக்குள் கத்தரி போகாது என்று நானே சொல்லி வைத்திருந்த இடத்தில்.

அன்றைக்கு மேடு குறைந்து அழகாகத்தான் தெரிந்தது. பத்து நாள் கழித்து அவர் ஒரு படம் அனுப்பினார். கொத்து ஆவணியில் இருந்த மாதிரி நின்றது. தின்னிங் கத்தரி எல்லா முடியையும் வெட்டாது, இடையிடையே சிலவற்றை மட்டும் குட்டையாக்கும். மற்ற இடத்தில் அது பாரத்தைக் குறைக்கும். சுழியில், குட்டையான முடிகள் விறைத்து நின்று பக்கத்து நீள முடியை முட்டுக்கொடுத்துத் தூக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் முடி நிற்கும் என்பதை ஆவணியிலேயே அளந்து வைத்திருந்தேன். அதையே மறுபடி உண்டாக்கிவிட்டேன்.

வரச் சொல்லி, என் தவறுதான் என்று சொன்னேன். குட்டை முடிகளைச் சரிசெய்ய மேலும் வெட்டுவதில் பயனில்லை, காத்திருப்பது ஒன்றே வழி. தைக்கு அவை நாலரை, ஐந்து சென்டிமீட்டர் வந்துவிடும். எல்லை தொட்டுத்தான் வரும், தாண்டி வராது. அதுவரை முடியைப் படிய வைத்துப் பிடிக்க மேட் க்ளே கொடுத்தேன். பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, காய்ந்த முடியில் அடியிலிருந்து தடவ வேண்டும். நுனியில் மட்டும் தடவினால் கொத்து ஒட்டிக்கொண்டு இன்னும் தெளிவாகத் தெரியும்.

மழையும் ஹெல்மெட்டும்

கார்த்திகையில் வந்தபோது புது குறை ஒன்று சொன்னார். வீட்டில் உலர்த்திவிட்டுக் கிளம்பும்போது நன்றாக இருக்கிறது, மணலி போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் கொத்து நிற்கிறது. மழைக்காலம், கடல் பக்கத்து ஈரக்காற்று, கூடவே ஹெல்மெட்டுக்குள் வியர்வை. வேர் மறுபடி நனைகிறது, ஹெல்மெட்டின் பஞ்சு முடியைப் பின்னால் தள்ளிப் பிடித்திருக்கிறது, அந்த நிலையிலேயே காய்கிறது. காலையில் நாம் டிரையரில் செய்ததை ஹெல்மெட் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தது.

ஹெல்மெட்டை விடச் சொல்ல முடியாது. மெல்லிய பருத்திக் கைக்குட்டையை உச்சியில் வைத்து, பின்னாலிருந்து முன்னால் இழுத்து, முடி போகிற பக்கமாகவே படிய வைத்துக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட் போடச் சொன்னேன். துணி வியர்வையையும் எடுத்துக்கொள்ளும், பஞ்சு நேராக முடியில் உரசாது. ஹெல்மெட்டை நேர் மேலாகத் தூக்கிக் கழற்ற வேண்டும், பின்பக்கமாகச் சாய்த்து இழுக்கக் கூடாது. வேலை இடத்தில் இறங்கியதும் ஈரக் கையால் உச்சியை ஒரு தடவை நனைத்து, முன்னால் படிய வைத்து, இரண்டு நிமிடம் கையைத் தலையில் வைத்திருக்கலாம். முழுப் பலன் வரவில்லை. அவர் கணக்குப்படி வாரத்தில் ஆறு நாளும் நின்ற கொத்து இரண்டு நாள் நின்றது.

கல்யாணம்

கடைசி வெட்டை முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்னால் வைத்தேன். முந்தின நாள் வெட்டினால் பக்கங்கள் பச்சையாகத் தெரியும், ஏதாவது தவறினாலும் திருத்த நாள் இருக்காது. கொத்தின் நீள முடி ஆறரை சென்டிமீட்டர், தீபாவளியில் குட்டையானவை நாலரை. நுனி வரிசையை மட்டும் உலர்ந்த தலையிலேயே, முடியை இழுக்காமல் சரி செய்தேன். இழுத்துப் பிடித்து வெட்டினால் விட்டதும் மேலே ஏறிக் குட்டையாகிவிடும், சுழியில் அந்த ஏற்றம் மற்ற இடத்தைவிட அதிகம்.

முகூர்த்தம் அதிகாலை. மூன்றரை மணிக்கு எழுந்து, அவரே தலையை நனைத்து, சொன்னபடி உலர்த்தியிருக்கிறார். நான் போகவில்லை, படங்களை அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டினார். தாலி கட்டும் படத்தில் குனிந்திருக்கிறார், உச்சி முழுவதும் தெரிகிறது, கொத்து படிந்து முன்னால் போயிருக்கிறது. வகிட்டுக் கோடு சுழிக்கு முன்னால் கரைந்துவிடுகிறது. சாயங்கால வரவேற்பில் எடுத்த படங்களில் குட்டை முடிகள் கொஞ்சம் எழுந்திருக்கின்றன. மேடை விளக்குச் சூடு, கோட்டு, வியர்வை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அந்தப் படத்தைப் பார்க்கும்போது தீபாவளி வாரத்து ராத்திரியின் அந்த மூன்று வெட்டு ஞாபகம் வந்தது.

இனி மாற்றிக்கொள்வது

தின்னிங் கத்தரியைச் சுழிப் பக்கம் கொண்டுபோவதில்லை. அடர்த்தி அதிகமாக இருந்தால் சுழியிலிருந்து தள்ளி, பக்கவாட்டில்தான் குறைக்கிறேன். வளர்த்துக்கொண்டிருக்கிற ஆளைப் பண்டிகை வாரத்தில் நாற்காலியில் உட்கார வைப்பதும் இல்லை. அடுத்த புதன் வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

ஹெல்மெட் பற்றிய கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அவராகச் சொன்ன பிறகுதான் எனக்குத் தோன்றியது. பைக்கா, பஸ்ஸா, தலையில் தொப்பி போடுகிற வேலையா, தலை குளிப்பது காலையிலா ராத்திரியிலா என்பதை இப்போது வெட்டுவதற்கு முன்பே கேட்கிறேன். ராத்திரி குளித்து ஈரத் தலையோடு தூங்குகிறவருக்குக் காலை உலர்த்தல் முறையைச் சொல்லிப் பயனில்லை, தலையணை ராத்திரி முழுக்கத் தன் வகிட்டைப் போட்டு வைத்திருக்கும்.

இன்னொன்று, இந்த வழி எல்லாச் சுழிக்கும் பொருந்தாது. நெற்றி ஓரத்தில் சுழி இருப்பவர்களுக்கும், இரண்டு சுழி எதிரெதிராகச் சுற்றி நடுவில் முடி மோதி நிற்பவர்களுக்கும் வகிடு மாற்றுவது மட்டும் போதாது. அவர்களில் சிலருக்கு ஒட்ட வெட்டுவதே நல்லது என்று நான் சொல்லிவிடுவதுண்டு.

இப்போது

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். உச்சியில் ஏழு சென்டிமீட்டர் வைத்திருக்கிறோம், வலது வகிடு பழகிவிட்டது. மழை நாளில் கொத்து இன்னும் எழும். டிரையர் போடாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழும். அதை அவர் அப்படியே விட்டுவிடுகிறார்.

போன மாதம் அவர் அம்மா மூன்று வயதுப் பேரனைக் கூட்டி வந்தார், மகள் வயிற்றுப் பேரன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிய வைத்து, "இவனுக்கு எந்தப் பக்கம் போகுது பாருப்பா, அப்புறம் நான் சீவிப் பழக்குறேன்" என்றார். விரலை வைத்துப் பார்த்தேன். வலஞ்சுழி. இடது வகிடே எடுங்கம்மா என்றேன்.